மணிக்குச் சராசரி 8 பேர்: பாய்சான் கணக்கு கவுண்டர் குறிப்பேட்டோடு ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி: எங்கள் கவுண்டருக்கு மணிக்குச் சராசரியாக 8 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு 5 நிமிடம் ஆகும், அதனால் மணிக்கு 12 பேரைத்தான் கவனிக்க முடியும். 12-க்கு மேல் வருவதற்கு பாய்சான்படி 6 சதவீதம்தான் வாய்ப்பு என்று கணக்கு வந்தது. ஆனால் 25 நாள், தினமும் காலை 10–11, பிற்பகல் 3–4 என்று எண்ணிய 50 மணி நேரத்தில் 8 முறை 12-ஐத் தாண்டிவிட்டது. முதல் 5 நாள் எண்ணிக்கை: காலையில் 11, 16, 9, 12, 7, பிற்பகலில் 5, 2, 7, 7, 4. சூத்திரத்தைத் தப்பாகப் போட்டேனா, இல்லை பாய்சானே இங்கே பொருந்தாதா?

பதில்:

சூத்திரம் சரி, பாய்சானும் பொருந்துகிறது. நீங்கள் போட்ட லாம்டாதான், அதாவது மணிக்குச் சராசரியாக வருபவர்களின் எண்ணிக்கையான λ-தான், தப்பு. உங்கள் கவுண்டருக்கு ஒரு லாம்டா இல்லை, இரண்டு இருக்கின்றன. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்த 8 என்ற எண், காலைக்கும் சேராது, பிற்பகலுக்கும் சேராது.

முதலில் உங்கள் 6 சதவீதத்தைச் சரிபார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்த இடத்திலேயே பலருக்கு ஒரு சின்னச் சறுக்கல் நடக்கும். ஒரு மணி நேரத்தில் சரியாக k பேர் வருவதற்கான நிகழ்தகவு இது:

```
P(k) = e^(-λ) · λ^k / k!
```

இதை ஒவ்வொரு k-க்கும் தனித்தனியாகப் போட்டால் காரணியப் பெருக்கங்கள் பெரிதாகிக் கை வலிக்கும். ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போவதுதான் சுலபம்: முந்தைய நிகழ்தகவை λ-ஆல் பெருக்கி k-ஆல் வகுத்தால் போதும். λ = 8 என்றால் யாருமே வராமல் இருக்க வாய்ப்பு e^(-8), அதாவது 0.000335. அதை 8-ஆல் பெருக்கி 1-ஆல் வகுத்தால் ஒருவர் வருவதற்கான 0.00268. அதை மறுபடி 8-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இருவருக்கு 0.0107. இப்படியே போனால் 7 பேருக்கு 0.1396 வரும். அடுத்த படியில் பெருக்குவதும் 8, வகுப்பதும் 8 என்பதால் 8 பேருக்கும் அதே 0.1396. அதன் பிறகு வகுக்கும் எண் பெரிதாகிவிடுவதால் நிகழ்தகவு இறங்கத் தொடங்கும். சராசரி 8 என்று சொல்லும் கவுண்டரில் சரியாக 8 பேர் வரும் மணி நேரம் நூற்றுக்குப் பதினான்குதான் என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். 8 பேர் வராத நாளில் ஏதோ கோளாறு என்று தேடுவது வீண்வேலை.

0 முதல் 12 வரை கூட்டினால் 0.9362. மீதி 0.0638. நீங்கள் சொன்ன 6 சதவீதம் இதுதான். சறுக்கல் எங்கே வரும் என்றால், "12-க்கு மேல்" என்பதற்கும் "12 அல்லது அதற்கு மேல்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில். இரண்டாவதற்கு 11 வரை மட்டும் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும், விடை 0.1119. ஒரே ஒரு ஆள் வித்தியாசத்தில் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. விரிதாளில் போடுவதாக இருந்தால் இப்படி:

```
=1-POISSON.DIST(12, 8, TRUE)    → 0.0638
=1-POISSON.DIST(11, 8, TRUE)    → 0.1119
```

கடைசியில் TRUE போட்டால் 12 வரை கூட்டிய மொத்தம் கிடைக்கும். FALSE போட்டால் சரியாக 12 பேருக்கான 0.0481 மட்டும் வரும். அதை 1-இலிருந்து கழித்தால் 0.95 என்று அபத்தமான ஒரு விடை வந்து நிற்கும், அதனால் இந்தத் தவறு தானே காட்டிக்கொடுத்துவிடும். 11-க்குப் பதில் 12 போட்ட தவறு அப்படிக் காட்டிக்கொடுக்காது.

ஆக, கணக்குப்படி 50 மணி நேரத்தில் சுமார் 3 முறைதான் 12-ஐத் தாண்டியிருக்க வேண்டும். நீங்கள் 8 முறை பார்த்தீர்கள். தற்செயலாக அப்படி ஆகக்கூடாதா என்றால், ஆகலாம்; ஆனால் எல்லா மணி நேரமும் λ = 8 என்றால் 8 முறையோ அதற்கு மேலோ தாண்டுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. தற்செயல் என்று தள்ளிவிடும் முன் குறிப்பேட்டை ஒருமுறை கிளறிப் பார்ப்பதுதான் நியாயம்.

கிளற வேண்டிய இடம் பரவற்படி, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. பாய்சான் பரவலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: சராசரியும் பரவற்படியும் ஒன்றே. லாம்டா 8 என்றால் பரவற்படியும் 8, திட்ட விலக்கம் அதன் வர்க்கமூலமான 2.83. இயல்நிலைப் பரவலில் சராசரியை ஒரு பக்கமும் பரவலை இன்னொரு பக்கமும் நம் இஷ்டப்படி வைக்கலாம். பாய்சானில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு எண்ணைச் சொன்னதும் மற்றது பூட்டப்பட்டுவிடும். அதனால்தான் அது பொருந்துகிறதா என்று சோதிக்கவும் சுலபம்.

நீங்கள் தந்த பத்து எண்களையும் எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 80, சராசரி 8. ஒவ்வொன்றிலிருந்தும் 8-ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள். காலை எண்களுக்கு 9, 64, 1, 16, 1, கூட்டினால் 91. பிற்பகல் எண்களுக்கு 9, 36, 1, 1, 16, கூட்டினால் 63. மொத்தம் 154. பத்து அளவீடுகள் என்பதால் 9-ஆல் வகுக்க வேண்டும்: 17.1. சராசரி 8, பரவற்படி 17.1. பாய்சானில் விகிதம் 1 இருக்க வேண்டிய இடத்தில் 2.14 இருக்கிறது.

பத்தே எண்களை வைத்துக்கொண்டு 2.14 பெரிதா சிறிதா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு 154-ஐச் சராசரி 8-ஆல் வகுத்து வரும் 19.25-ஐ, 9 கட்டின்மைக் கூறுகள் கொண்ட கை-வர்க்கப் பரவலோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரே லாம்டாவின் பாய்சான் என்றால் இந்த எண் சுமார் 9 ஆக இருக்கும். 16.92-ஐத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான்.

```
=DEVSQ(A1:A10)/AVERAGE(A1:A10)    → 19.25
=CHISQ.DIST.RT(19.25, 9)          → 0.023
```

0.023 என்றால், ஒரே லாம்டா என்ற அனுமானம் கஷ்டத்தில் இருக்கிறது. இங்கே பலர் "பாய்சான் பொருந்தாது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது அவசர முடிவு. இந்தச் சோதனை கேட்டது இரண்டு கேள்விகளைச் சேர்த்து: வருகை பாய்சான்தானா, எல்லா மணி நேரத்துக்கும் லாம்டா ஒன்றேதானா? எதில் தோற்றது என்று அது சொல்லாது.

காலையையும் பிற்பகலையும் பிரித்துப் பாருங்கள். காலை ஐந்து எண்களின் கூட்டுத்தொகை 55, சராசரி 11. அந்த 11-இலிருந்து விலகல் வர்க்கங்கள் 0, 25, 4, 1, 16, மொத்தம் 46, 4-ஆல் வகுத்தால் பரவற்படி 11.5. பிற்பகலின் கூட்டுத்தொகை 25, சராசரி 5. விலகல் வர்க்கங்கள் 0, 9, 4, 4, 1, மொத்தம் 18, பரவற்படி 4.5. சராசரி 11-க்கு 11.5, சராசரி 5-க்கு 4.5. இரண்டு குவியலும் தனித்தனியே பாய்சானுக்கு அழகாக உட்காருகின்றன. சேர்த்துப் பார்த்தால் மட்டும்தான் உதைக்கிறது.

ஏன் உதைக்கிறது என்பதையும் எண்ணாகவே காட்டலாம். கலவையின் பரவற்படி இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று, ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் இருக்கும் பாய்சான் ஏற்ற இறக்கம். அதன் சராசரி, 11-க்கும் 5-க்கும் நடுவில் 8. மற்றது, லாம்டாவே 8-இலிருந்து மேலும் கீழும் 3 விலகி நிற்பதால் வருவது. 3-இன் வர்க்கம் 9. இரண்டும் சேர்ந்து 17. உங்கள் குறிப்பேடு தந்தது 17.1. இவ்வளவு நெருங்கி வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம், பத்து எண்களில் எப்போதும் இப்படி அமையாது. ஆனாலும் அந்தக் கூடுதல் பரவல் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

இப்போது 50 மணி நேரத்துக்குக் கணக்கை மறுபடி போடுவோம். 25 நாளும் காலை λ = 11, பிற்பகல் λ = 5 என்றே இருந்ததாக வைத்துக்கொண்டால்:

```
=1-POISSON.DIST(12, 11, TRUE)    → 0.311
=1-POISSON.DIST(12, 5, TRUE)     → 0.002
```

காலை 25 மணி நேரத்தில் எதிர்பார்ப்பது 25 × 0.311, அதாவது 7.8. பிற்பகலில் 25 × 0.002, அதாவது 0.05. மொத்தம் கிட்டத்தட்ட 8. நீங்கள் எண்ணியதும் 8. தாண்டிய அந்த 8 மணி நேரமும், அல்லது பெரும்பாலானவை, காலையில்தான் விழுந்திருக்க வேண்டும். குறிப்பேட்டில் அதைப் பாருங்கள். பிற்பகலில் இரண்டு மூன்று இருந்தால் நான் சொன்ன விளக்கம் போதாது, வேறு ஏதோ நடக்கிறது.

அந்த "வேறு ஏதோ" பெரும்பாலும் சேர்ந்து வருபவர்கள்தான். பாய்சானின் அடிப்படை நிபந்தனை, ஒருவர் வருவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்பது. தொலைபேசி அழைப்புகள் இப்படித்தான் வருகின்றன என்று 1909-இல் கோபன்ஹேகனில் டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் காட்டினார், வரிசைக் கோட்பாடு அங்கிருந்துதான் கிளம்பியது. தொலைபேசியில் ஒருவர்தான் பேசுவார். கவுண்டருக்கு இரண்டு பேர் ஒன்றாக நடந்து வருவார்கள். வரும் குழுக்களில் பாதிக்குப் பாதி தனியாள், மீதி ஜோடி என்றால், தலைகளை எண்ணும்போது பரவற்படிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் 1.67 ஆகிவிடும். கணக்கு இதுதான்: குழு அளவின் வர்க்கங்களின் சராசரி 2.5, குழு அளவின் சராசரி 1.5, ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.67. இதற்குத் தீர்வு சூத்திரத்தில் இல்லை, எண்ணுவதில் இருக்கிறது. கவுண்டரில் ஒரே வேலையாக வந்தவர்களை ஒன்றாக எண்ணுங்கள். 5 நிமிடம் எடுப்பது அந்த ஒரு வேலைதான், கூட வந்த ஆள் அல்ல.

விகிதம் 1-க்கு வெகுவாகக் கீழே போனாலும் சந்தேகப்பட வேண்டும். காலையில் 12, 11, 12, 12, 11 என்று வரிசையாக வந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் வருகையின் எண்ணிக்கையே அல்ல. வேலை முடிந்து போனவர்களை எண்ணியிருக்கிறார்கள். கவுண்டரின் திறன் 12 என்பதால் அந்த எண் 12-ஐத் தாண்டவே முடியாது. வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் தாளில் 12 என்றுதான் பதிவாகும். ரசீது எண்ணையோ கணினிப் பதிவையோ வைத்து எண்ணுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உங்கள் குறிப்பில் 16 இருப்பதால் நீங்கள் வாசலில் வருபவர்களைத்தான் எண்ணியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முன்பதிவு செய்து நேரம் குறித்து வருபவர்கள் இருந்தாலும் இப்படியே பரவல் குறையும். அவர்களைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, தானாக வருபவர்களுக்கு மட்டும் பாய்சான் போடுங்கள்.

காலை வாய்ப்பு 31 சதவீதம் என்று சொன்னேன். அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் 11 என்பதும் எண்ணிப் பெற்ற மதிப்பீடுதான். நீங்கள் எண்ணிய 25 காலைகளின் சராசரியும் 11-தான் என்று வைத்துக்கொண்டால், அதன் திட்டப் பிழை, 11-ஐ 25-ஆல் வகுத்து எடுத்த வர்க்கமூலம்: 0.66. உண்மையான லாம்டா சுமார் 9.7-க்கும் 12.3-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த இரண்டு முனைகளையும் போட்டால் 12-ஐத் தாண்டும் வாய்ப்பு சுமார் 18 சதவீதத்திலிருந்து 46 சதவீதம் வரை போகிறது. லாம்டாவில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே வால்பகுதியில் பெரிய ஆட்டம். "மூன்றில் ஒரு காலை, அல்லது சற்று முன்பின்" என்று சொல்வதுதான் உங்கள் தரவு தாங்கும் அளவு. 31.13 என்று தசமம் போட்டு அறிக்கை எழுதினால் அது வெறும் அலங்காரம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கவுண்டருக்கு அதுதான் முக்கியம். 12-ஐத் தாண்டுவதை வரிசை உருவாகும் அபாயமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரிசை அவ்வளவு நேரம் காத்திருக்காது. லாம்டா நேரத்தோடு நேர்விகிதத்தில் சுருங்கும் என்பதால், மணிக்கு 8 என்பது கால் மணிக்கு 2. கால் மணியில் உங்களால் கவனிக்க முடிவது 3 பேர். λ = 2 வைத்து 3-க்கு மேல் வரும் வாய்ப்பைப் போட்டால் 0.143. நான்கு கால் மணிகளும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்பதால், நான்கில் ஒன்றிலாவது தாண்டும் வாய்ப்பு 1 − 0.857⁴, அதாவது 46 சதவீதம். மணிக்கணக்கில் 6 சதவீதம் என்று நிம்மதியாக இருந்த அதே கவுண்டர், கால் மணிக்கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்று நிற்கிறது. காலை λ = 11-க்குக் கால் மணிக்கு 2.75, அங்கே ஒவ்வொரு கால் மணியிலும் தாண்டும் வாய்ப்பே 30 சதவீதம்.

காத்திருப்பு எப்படி ஏறும் என்பதற்கும் ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. வருகை பாய்சான், ஒவ்வொருவருக்கும் சரியாக 5 நிமிடம், ஒரே கவுண்டர், இதே வேகம் நீண்ட நேரம் நீடிக்கிறது என்றால், சராசரிக் காத்திருப்பு:

```
W = 5 · ρ / (2·(1 − ρ)),   ρ = λ/12
```

λ = 8-க்கு ρ = 0.667, காத்திருப்பு 5 நிமிடம். λ = 11-க்கு ρ = 0.917, காத்திருப்பு 27.5 நிமிடம். வருகை எட்டில் மூன்று பங்கு கூடினால் காத்திருப்பு ஐந்தரை மடங்காகிறது. உங்கள் காலை நெரிசல் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிட்டால் 27.5 வரை ஏறாது, ஏனென்றால் அந்த நிலைக்கு வரிசை வளர அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆனால் 11 மணிக்குள் முடியாமல் நின்றவர்கள் அடுத்த மணி நேரத்தின் 12-இல் இடம் பிடிப்பார்கள், அதை எந்த மணிநேர எண்ணிக்கையும் காட்டாது. ஐந்து நிமிடம் என்பதே ஆளுக்கு ஆள் மாறினால் காத்திருப்பு இன்னும் கூடும்.

அடுத்த முறை எண்ணும்போது காலை 10–11-ஐ நான்கு கால் மணிகளாகப் பிரித்து எழுதுங்கள், ஒவ்வொரு கால் மணிக்கும் தனி நெடுவரிசை. நான்கின் சராசரிகளும் 2.75-ஐ ஒட்டி இருந்தால் λ = 11 என்பது அந்த மணி முழுவதற்கும் செல்லும். கவுண்டர் திறக்கும் நேரமே 10 என்றால், முதல் நெடுவரிசையில் 5 என்றும் மற்ற மூன்றில் 2 என்றும் குவிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, கூட்டினால் அதுவும் 11-தான். அப்படி வந்தால் மொத்த மணிக்கான 31 சதவீதம் மாறாது, ஆனால் முதல் கால் மணியில் 3-ஐத் தாண்டும் வாய்ப்பு 30-இலிருந்து 73 சதவீதத்துக்குத் தாவிவிடும், இரண்டாவது ஆளை உட்கார வைக்க வேண்டியதும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும்தான்.